400 மி.லி. தாண்டினால் போதுமா?

ஒலிகூரியா என்றால் என்னவென்று எந்த நர்சிங் மாணவியிடம் கேட்டாலும், "பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 400 மி.லி.க்குக் குறைவாகச் சிறுநீர் பிரிவது" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவாள். கொஞ்சம் தேறியவள் என்றால், "மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிடணும் மேடம்" என்பதையும் சேர்த்துக்கொள்வாள். மும்பையின் முலுண்டில் ஆகட்டும், செம்பூரில் ஆகட்டும், வார்டுக்கு வரும் மாணவிகள் இந்த இரண்டு எண்களைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். தேர்வில் இவற்றுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. வார்டில் இவை ஆளைக் கவிழ்க்கின்றன.

நான் மறுக்க வந்த கருத்தை அதை நம்புகிறவர்கள் சொல்கிற மாதிரியே முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டேக்–அவுட்புட் சார்ட் ஒரு கணக்குப் பிள்ளை வேலை. உள்ளே போனதை ஒரு பக்கமும் வெளியே வந்ததை இன்னொரு பக்கமும் எழுதி, காலை 8 மணிக்குக் கூட்டிக் கழித்துக் கடைசிக் கட்டத்தில் போட்டால் முடிந்தது. சிறுநீர் 400ஐத் தாண்டியிருந்தால் சிறுநீரகம் வேலை செய்கிறது. தாண்டவில்லை என்றால் டாக்டர் பார்த்துக்கொள்வார். அவரிடம் கிரியேட்டினின் இருக்கிறது, எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. சார்ட்டில் பிழை மலிந்திருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை மிகவும் நம்பவும் கூடாது. எனவே இதை மாணவிகளிடம் விட்டுவிட்டு, ஸ்டாஃப் சிஸ்டர் ஊசி மருந்தைக் கவனிப்பதே புத்திசாலித்தனம்.

இப்படிச் சொல்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. நெரிசலான வார்டில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள். அவர்கள் சொல்வதில் சில துண்டுகள் உண்மையும்கூட. ஆனால் அந்தத் துண்டுகளை ஒட்டவைத்து அவர்கள் கட்டியிருக்கும் பழக்கம், ஜூலையிலும் ஆகஸ்டிலும் டெங்குவும் எலிக்காய்ச்சலுமாகக் கட்டில்கள் நிரம்பும்போது நேரடியாக நோயாளியின் தலையில் விடிகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. 400 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டீர்களா?

மாணவிகளுக்கு எண்ணைச் சொல்லித் தருகிறோம், அதன் பிறப்பைச் சொல்லித் தருவதில்லை. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவரின் உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 முதல் 600 மில்லிஆஸ்மோல் கழிவுப் பொருளைச் சிறுநீரில் கரைத்து வெளியேற்றியாக வேண்டும். யூரியா, சோடியம், பொட்டாசியம் எல்லாம் இதில் அடக்கம். இளமையான, ஆரோக்கியமான சிறுநீரகம் சிறுநீரை எவ்வளவு கெட்டிப்படுத்தினாலும் ஒரு லிட்டரில் 1200 மில்லிஆஸ்மோலுக்கு மேல் அடைக்க முடியாது. 600ஐ 1200ஆல் வகுத்தால் அரை லிட்டர். கழிவு கொஞ்சம் குறைவு என்றால் 400 மி.லி. அதற்கும் கீழே போனால் கழிவு உடலில் தங்கத் தொடங்கும். 400 பிறந்த கதை இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள். சிறுநீரகம் தன் முழுத் திறமையோடு சிறுநீரைக் கெட்டிப்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால்தான் 400 போதும். நம் முன்னே படுத்திருப்பவரின் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறதா என்பதுதானே கேள்வி? அடிபட்ட சிறுநீரகம் முதலில் இழப்பதே அந்தக் கெட்டிப்படுத்தும் திறமையைத்தான். அதனால் லிட்டருக்கு 300 மில்லிஆஸ்மோல் அளவுக்குத்தான் கெட்டிப்படுத்த முடிகிறது என்றால், அதே 600 மில்லிஆஸ்மோலை வெளியேற்ற 2 லிட்டர் சிறுநீர் வேண்டும். அவர் 450 மி.லி. போனதைப் பார்த்து "தாண்டிவிட்டது" என்று நாம் எழுதும்போது, தேவையில் கால் பங்கைக்கூட அவர் எட்டவில்லை. ஆரோக்கியமானவருக்கான அடிமட்டக் கோட்டை நோயாளிக்குப் பாதுகாப்புக் கோடாகப் போட்டிருக்கிறோம்.

2. கூட்டுத்தொகை நேரத்தை விழுங்கிவிடும்.

என் முக்கியமான சண்டை இங்கேதான். ஒரு சார்ட்டைப் போட்டே காட்டுகிறேன். நோயாளி கற்பனை, எண்கள் பாடத்துக்காக எழுதியவை. ஆனால் மழைக்கால வார்டில் நின்ற எவருக்கும் ஆளை அடையாளம் தெரியும்.

எழுபது கிலோ எடையுள்ள ஆண். டெங்கு, காய்ச்சலின் ஐந்தாம் நாள். காய்ச்சல் அன்றுதான் இறங்கியிருக்கிறது, வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள். தட்டணுக்கள் குறைந்திருப்பதால் கதீட்டர் போடவில்லை. யூரின் பாட்டிலில்தான் போகிறார். டிரிப் மணிக்கு 100 மி.லி. வீதம் ஓடுகிறது.

காலை ஷிப்டில், 8 முதல் 2 வரை, 480 மி.லி. போயிருக்கிறார். மதிய ஷிப்டில், 2 முதல் 8 வரை, 220. இரவு ஷிப்ட் 12 மணி நேரம், அதற்கு 180 என்று ஒரே எண். மொத்தம் 880 மி.லி. குடித்ததும் டிரிப்பும் சேர்ந்து 3300. 150 மி.லி. வாந்தியையும் சேர்த்தால் வெளியே வந்தது 1030. பேலன்ஸ், பிளஸ் 2270. மாணவி அழகாகக் கூட்டி, சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

400 மி.லி. அளவுகோலைப் போட்டால் 880 தாராளமாகத் தேறிவிடுகிறது. கொஞ்சம் நவீனமாகி எடையால் வகுத்தாலும் தேறுகிறது: 880ஐ 24ஆல் வகுத்தால் மணிக்கு 36.7 மி.லி. இவருக்கான வரம்பு, கிலோவுக்கு 0.5 வீதம், மணிக்கு 35. ஆக எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இந்தச் சார்ட் நார்மல்.

இப்போது அந்த 180ஐப் பிரியுங்கள். கடைசியாக இரவு 8 மணிக்குப் போனவர், 2 மணிக்கு எழுந்து 110 மி.லி. போயிருக்கிறார். அப்புறம் காலை 8 மணிக்கு 70. ஆறு மணி நேரத்துக்கு 210 வந்திருக்க வேண்டிய இடத்தில் 110, அடுத்த ஆறு மணி நேரத்தில் 70. அதாவது மணிக்கு 18, பிறகு மணிக்கு 12. சிறுநீரகப் பாதிப்பைத் தரம்பிரிக்க உலகெங்கும் பயன்படும் 2012ஆம் ஆண்டின் கே.டி.ஐ.ஜி.ஓ. வரையறை, கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் கீழே 6 மணி நேரம் நீடித்தாலே முதல் நிலை என்கிறது. 12 மணி நேரம் நீடித்தால் இரண்டாம் நிலை. 24 மணி நேரம் 0.3க்குக் கீழே கிடந்தாலோ, 12 மணி நேரம் சிறுநீரே இல்லாவிட்டாலோ மூன்றாம் நிலை. நம்மாள் இரவு 2 மணிக்கே முதல் நிலையைத் தொட்டுவிட்டார், காலை 8 மணிக்கு இரண்டாம் நிலை. சார்ட் மட்டும் நார்மல்.

எப்படி ஏமாந்தோம்? காலை ஷிப்டின் 480 மி.லி., இரவில் நடந்த சரிவுக்கு ஜாமீன் போட்டுவிட்டது. இதோடு முடிவதும் இல்லை. காலை 8 மணிக்குப் புதுத் தாள், புதுக் கணக்கு, பூஜ்யத்திலிருந்து தொடக்கம். அன்றும் சிறுநீர் இதே மாதிரி சொட்டினால், அது 400க்குக் கீழே என்பது மறுநாள் காலை கூட்டும்போதுதான் கண்ணில் படும். இரவு 2 மணிக்குத் தெரிந்திருக்க வேண்டியது முப்பது மணி நேரம் கழித்துத் தெரிகிறது. டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் கட்டமே மொத்தம் 24 முதல் 48 மணி நேரம்தான். விஷயம் தெரியவரும்போது நாடகமே முடிந்திருக்கும்.

அந்தப் பிளஸ் 2270ஐயும் விட்டுவிட முடியாது. "இரண்டு லிட்டருக்கு மேல் உள்ளே நிற்கிறதே, தண்ணீருக்கு என்ன குறை?" என்று மாணவி மட்டுமல்ல, சில பயிற்சி டாக்டர்களும் கேட்பார்கள். வியர்வையிலும் மூச்சிலும் போனதை நாம் அளக்கவில்லை, காய்ச்சல்காரருக்கு அது இன்னும் கூடுதல். மிச்சமிருப்பதிலும் ஒரு பகுதி ரத்தக்குழாயை விட்டுக் கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கிக் கிடக்கலாம். உடலுக்குள் இருக்கிறது, ஓட்டத்தில் இல்லை. சிறுநீரகத்துக்குத் தெரிவது ஓட்டத்தில் இருக்கும் நீர் மட்டும்தான்.

இரவு 2 மணிக்கு அந்த மாணவி செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாட்டிலில் இருப்பதை அளவு ஜாரில் ஊற்றிப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது போனார் என்று பார்த்து அந்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும், ஷிப்டால் வகுக்கக் கூடாது. அடிவயிற்றைத் தொட்டுச் சிறுநீர்ப்பை புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்ஸ், பி.பி., மூச்சு வேகம், கை கால் குளிர்ச்சி. அப்புறம் ஃபோன். என்ன மொழியில் பேசினாலும் சாரம் இப்படி இருக்க வேண்டும்: "ஐந்தாம் நாள் டெங்கு, 70 கிலோ. எட்டு மணியிலிருந்து 110 மி.லி.தான், 210 வந்திருக்கணும். வயிற்றில் பிளாடர் தட்டுப்படவில்லை. பல்ஸ் 112, பி.பி. 104/86. காலை பி.சி.வி. 42, மாலை 48." சிஸ்டாலிக்குக்கும் டயஸ்டாலிக்குக்கும் இடைவெளி 18தான். டெங்குவில் 20க்குக் குறுகினால் ஷாக் வாசலில் நிற்கிறது என்று பொருள். பி.சி.வி. ஏறுகிறது, சிறுநீர் இறங்குகிறது, நாடி இடைவெளி சுருங்குகிறது. மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன. இந்த ஃபோனைக் கேட்டபின் எந்த டாக்டரும் திரும்பிப் படுக்க மாட்டார். "சார், யூரின் கொஞ்சம் கம்மி" என்றால் படுத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

3. மணிக்கு 30 மி.லி. யாருடைய அளவு?

அறுபது கிலோக்காரருடையது. கிலோவுக்கு 0.5 என்ற விதியை ஒரே ஒரு எடைக்குப் போட்டு, விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, விதியைத் தொலைத்துவிட்டோம். 90 கிலோ ஆளுக்கு வரம்பு 45. அவர் மணிக்கு 32 மி.லி. போகிறார் என்றால் 30ஐத் தாண்டிவிட்டார் என்று வார்டு தூங்குகிறது. 42 கிலோ பாட்டிக்கு வரம்பு 21. அவர் 25 போகிறார் என்றால் அலாரம் அடிக்கிறது, அவசரமாக ஒரு பாட்டில் சலைன் ஏறுகிறது, அவருடைய பலவீனமான இதயம் அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. ஒரே எண் ஒருவருக்குச் செவிடாகவும் இன்னொருவருக்கு வீண் கூச்சலாகவும் ஆகிறது. பச்சிளங்குழந்தைக்கு இந்த எண்ணைப் போட யாரும் துணிய மாட்டார்கள் என்று நம்புகிறேன். அங்கே கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி.க்குக் கீழே போனாலே ஒலிகூரியா.

இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. அட்மிஷனில் எடை பார்த்து, சார்ட்டின் தலையில் "70 கிலோ, வரம்பு மணிக்கு 35, ஆறு மணி நேரத்துக்கு 210" என்று எழுதிவிட்டால், அதன்பின் யார் ஷிப்டில் வந்தாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. மிகப் பருமனானவர்களுக்கு உள்ள எடையைப் போட்டால் வரம்பு பொய்யாக ஏறிவிடும். உயரத்துக்கு ஏற்ற எடையைப் போடுவது நல்லது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஆனால் நான் பார்க்கிற சார்ட்டுகளில் எடை என்ற கட்டம்தான் எப்போதும் காலி. படுத்த படுக்கையாக வந்தவருக்கு எடை பார்க்க முடியவில்லை என்பார்கள். சரி, ஆனால் நடந்து வந்து கட்டிலில் ஏறியவருக்கு?

4. "சிறுநீர் நன்றாகப் போகிறது, கிட்னிக்கு ஒன்றுமில்லை" என்பது முலுண்டில் சொல்லக்கூடாத வாக்கியம்.

மழைக்காலத்தில் சொல்லவே கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. அதையடுத்த வாரங்களில் வெள்ளத்தில் நடந்தவர்களை எலிக்காய்ச்சல் பிடித்தது. மும்பைக்காரர்கள் அதை "லெப்டோ" என்றே செல்லமாகக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டோம். மழைத் தண்ணீரில் கால் வைத்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் போட்டுக்கொள்ளுங்கள் என்று மாநகராட்சி அறிவிப்பதும் மழைக்காலச் சடங்காகிவிட்டது.

இந்த நோயின் குணத்தைத்தான் பாடப்புத்தக எண் மறைக்கிறது. லெப்டோ கிருமி சிறுநீரகத்தில் முதலில் தாக்குவது நுண்குழாய்களை. உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்சும் வேலை அங்கே கெடுகிறது. அதனால் சிறுநீர் குறையாமலே, சில சமயம் இரண்டு லிட்டருக்கு மேல் போய்க்கொண்டே, கிரியேட்டினின் ஏறும். கூடவே பொட்டாசியமும் சிறுநீரில் வழிந்துபோய் ரத்தத்தில் குறையும். சிறுநீரகப் பாதிப்பு என்றாலே பொட்டாசியம் ஏறும் என்று படித்த மாணவிக்கு இது தலைகீழ். நோய் முற்றி, உடல் வறண்டு, ரத்த ஓட்டம் குறைந்தபின்தான் பலருக்குச் சிறுநீர் நிற்கும். அப்போது பொட்டாசியமும் திரும்பி ஏறத் தொடங்கும்.

ஆக, 400ஐத் தாண்டியது என்று லெப்டோ கட்டிலில் டிக் போட்டால் நோயின் முதல் பாதியை முழுசாகத் தவறவிடுகிறோம். இங்கே சார்ட்டின் பயன் வேறு. ஒரு லிட்டர் குடித்துவிட்டு இரண்டரை லிட்டர் போகிறவர் வறண்டுகொண்டிருக்கிறார் என்பதை அது காட்டும். அந்த வறட்சியைச் சரிக்கட்டினால் சிறுநீர் நிற்கும் கட்டத்துக்கே போகாமல் சிலரைக் காப்பாற்றலாம். மைனஸ் பேலன்ஸ் இங்கே பிளஸ் பேலன்ஸைவிடச் சத்தமாகக் கத்த வேண்டிய எண். யாரும் அதற்குச் சிவப்பு மை போடுவதில்லை.

லேசிக்ஸ் போட்டபின் வந்த சிறுநீரும் இந்த வகைதான். அது மருந்தின் சிறுநீர். ஊசி போட்ட நேரத்தைச் சார்ட்டில் அந்த வரியிலேயே எழுதாவிட்டால், அடுத்த ஷிப்ட்காரி அதைச் சிறுநீரகத்தின் நல்ல குணமாக எடுத்துக்கொள்வாள்.

எதிர்ப்பக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கதீட்டர் உள்ளவருக்கு மணிக்கு 60 போய்க்கொண்டிருந்தது சட்டென்று பூஜ்யமானால், ஒலிகூரியா என்று எழுதுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். கட்டில் கம்பியில் மடங்கியிருக்கலாம், தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கலாம், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். சிறுநீரகம் பெரும்பாலும் படிப்படியாகத்தான் குறைக்கும். அடைப்புதான் ஒரேயடியாக நிறுத்தும்.

5. பிழை மலிந்தது என்றால் திருத்த வேண்டும், தூக்கிப்போடக் கூடாது.

எதிராளியின் பலமான வாதம் இது. அதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பல வார்டுகளில் சார்ட் கதைதான். ஆனால் அந்தப் பிழைகள் கண்டபடி சிதறியவை இல்லை. உள்ளே போனது பெரும்பாலும் கூடுதலாகவும், வெளியே வந்தது பெரும்பாலும் குறைவாகவும் பதிவாகின்றன. தொங்கவிட்ட பாட்டிலை ஏறிய பாட்டிலாக எழுதுகிறோம், டிரிப் கைவீங்கி நடுவில் நின்றது கணக்கில் வருவதில்லை. மேசையில் வைத்த தம்ளரைக் குடித்த தம்ளராக எழுதுகிறோம். கழிப்பறைக்கு நடந்து போனவருடையது காணாமல் போகிறது, நனைந்த துணி சலவைக்குப் போய்விடுகிறது. திசை தெரிந்த பிழையைத் திருத்த முடியும்.

முலுண்ட் வார்டில் அது எப்படிக் கசிகிறது என்று கிட்டத்தில் பாருங்கள். விடியற்காலை மாவ்ஷி வந்து யூரின் பேக்குகளை வரிசையாகக் காலி செய்துகொண்டே போகிறார். அது அவர் வேலை, வேகமாகச் செய்து பழகியவர். இரவு முழுக்கச் சேர்ந்தது ஒரே வாளியில் கலந்து வடிகாலில் போய்விடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து வரும் மாணவி, காலி பேக்கைப் பார்த்துவிட்டு, முந்தைய நாள் எண்ணை ஒட்டிச் சுமாராக ஒன்றைப் போடுகிறாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசையில்லை, கட்டத்தைக் காலியாக விட்டால் திட்டு விழும் என்ற பயம். சார்ட்டுகளில் நாம் பார்க்கும் 1200, 1300 பலவும் இப்படிப் பிறந்தவை. சார்ட்டில் எல்லா எண்களும் வட்டமாக 50இலும் 100இலும் முடிந்தால் யாரோ அளக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு மருந்து மாவ்ஷியிடம் இருக்கிறது. பேக்கைத் திறப்பதற்கு முன் மாணவியைக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அளவு ஜாரில் ஊற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மராத்தியில் ஒருமுறை மரியாதையாக உட்கார்ந்து பேசினால் போதும். பேக்கின் மேலேயே அச்சிட்ட கோடுகளை நம்பாதீர்கள், பிளாஸ்டிக் உப்பும்போது அவை எதையும் சொல்லும். மணிக்கணக்கில் பார்க்க வேண்டியவருக்கு யூரோமீட்டர், மற்றவர்களுக்கு அளவு ஜார். டயப்பர் கட்டியவருக்குத் தராசு: காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் 1 கிராமுக்கு 1 மி.லி. காலியாக விட வேண்டிய கட்டத்தில் "அளக்கவில்லை" என்று எழுத மாணவிக்கு அனுமதி கொடுங்கள். இட்டுக்கட்டிய 1200ஐவிட அது நூறு மடங்கு பயனுள்ளது.

உள்ளே போவதைக் குடும்பத்தார்தான் கொண்டுவருகிறார்கள். தமிழ் வீட்டிலிருந்து கஞ்சி, ரசம், மோர் வரும். குஜராத்தி வீட்டிலிருந்து சாஸ் வரும். கீழேயிருந்து கட்டிங் சாய் வரும். அறை வெப்பத்தில் நீராக இருக்கும் எல்லாமே கணக்கில் சேரும். ஐஸ் கட்டியைக் கொடுத்தால் அதன் அளவில் பாதி. இட்லி சேராது, அதன்மேல் ஊற்றிய சாம்பாரைக் குடித்தால் சேரும். அவர்கள் கொண்டுவரும் எவர்சில்வர் தம்ளரிலும் கிளாசிலும் முதல் நாளே தண்ணீர் ஊற்றி அளந்து, கட்டில் தலைமாட்டில் எழுதிவைத்தால், அம்மா "ரெண்டு தம்ளர் மோர் குடிச்சான்மா" என்று சொல்லும்போது அது எண்ணாக மாறும்.

"எடையே போதுமே?" என்பவர்களுக்கு: இதயம் செயலிழந்தவருக்கும் டயாலிசிஸ் செய்பவருக்கும் தினசரி எடை சார்ட்டைவிட நம்பகமானது. ஒரு கிலோ ஒரு லிட்டர். மறுப்பே இல்லை. ஆனால் எடை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் பேசும். நம் டெங்குக்காரரைத் தராசில் ஏற்றினால் எடை கூடியிருப்பதாகக் காட்டும், அவருடைய ரத்தக்குழாயோ வற்றிக்கொண்டிருக்கும். நீர் உடலில் இருக்கிறது என்று தராசுக்குத் தெரியும், எந்த அறையில் இருக்கிறது என்று தெரியாது. கிரியேட்டினினும் காப்பாற்றாது. வடிகட்டல் நின்றபின் அது ரத்தத்தில் சேர்ந்து ஏற ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். நிறைய டிரிப் ஏற்றியிருந்தால் நீர்த்துப்போய் இன்னும் தாமதமாகும்.

6. "நாற்பது கட்டிலுக்கு யார் மணிக்கு மணி அளப்பது?"

நியாயமான கேள்வி, ஏனென்றால் ஆள் இல்லை. ஆனால் நாற்பது கட்டிலுக்கும் அளக்கச் சொன்னது யார்? எல்லோருக்கும் சார்ட் என்று ரவுண்ட்ஸில் பொத்தாம்பொதுவாக எழுதும் பழக்கம்தான் எல்லோருடைய சார்ட்டையும் பொய்யாக்குகிறது. நடந்து போய்க் கேன்டீனில் வடா பாவ் சாப்பிடுகிறவருக்கு எதற்குச் சார்ட்? ஷாக்கில் இருப்பவர், கதீட்டர் போட்டவர், பெரிய அறுவை முடிந்த முதல் நாள்: இவர்களுக்கு மணிக்கொருமுறை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்கள், லெப்டோ, இதயம் செயலிழந்து லேசிக்ஸ் ஓடுகிறவர்: இவர்களுக்கு ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் நேரத்தோடு எழுதி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வரம்போடு ஒப்பிட்டால் போதும். டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் எழுப்பிக் கேட்க வேண்டும். மீதிப்பேருக்குச் சார்ட்டை நிறுத்த டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அளக்கும் கட்டில்கள் குறைந்தால் அளவு நிஜமாகும்.

இதைப் படித்துவிட்டு ஒரு மாணவி எதிர்ப்பக்கம் ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று. வரம்புக்குக் கீழே இறங்கினாலே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வலி, வாந்தி, அறுவையின் அதிர்ச்சி ஆகியவற்றில் உடல் ஏ.டி.எச். ஹார்மோனைச் சுரந்து வேண்டுமென்றே நீரைப் பிடித்துவைக்கும். சில மணி நேரத்துக்குச் சிறுநீர் குறைவது அப்போது ஒழுங்கான நடத்தை. ஆகவே எண்ணைத் துரத்திக்கொண்டு பாட்டிலுக்கு மேல் பாட்டில் ஏற்றுவதும் 400ஐக் கும்பிடுவதும் ஒரே மூடத்தனத்தின் இரண்டு முகங்கள். டெங்குவில் கிலோவுக்கு 0.5 கிடைக்கிற அளவுக்குக் குறைந்தபட்ச நீர் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி சொல்வதும். கசிவு நின்று, வெளியே போன நீர் ரத்தக்குழாய்க்குத் திரும்பும் கட்டத்தில் சிறுநீர் தானாகவே பெருகும். அதைப் பார்த்தவுடன் டிரிப்பைக் குறைக்கச் சொல்லி நினைவூட்டுவதும் சார்ட் எழுதுகிறவளின் வேலைதான். அப்போது ஓடவிட்டால் நோயாளி டெங்குவிலிருந்து பிழைத்து, நுரையீரலில் கோத்த நீரில் மூழ்குவார்.

நர்சிங் பள்ளிகளுக்கு என் கோரிக்கை சிறியது. "ஒலிகூரியாவை வரையறு, 2 மதிப்பெண்" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு நிரப்பிய சார்ட்டை அச்சடித்துக் கொடுங்கள். எடை, ஒவ்வொரு முறையும் போன அளவு, போன நேரம், நடுவில் போட்ட ஒரு லேசிக்ஸ், "அளக்கவில்லை" என்று ஒரு கட்டம். மொத்தம் 400க்கு மேலேயே இருக்கட்டும். கேள்வி: டாக்டரை எத்தனை மணிக்குக் கூப்பிடுவாய், கூப்பிட்டு முதல் வாக்கியமாக என்ன சொல்வாய்? 10 மதிப்பெண்.